ஃபாலோ-அப் சோப் நோட்டைச் சுருக்கமாக எழுதுவது, கண்காணிப்பைத் தெளிவாக வைப்பது

கேள்வி: டயட்டீஷியனாக ஓபி-யில் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. ஃபாலோ-அப்புக்கு ஒருவருக்குப் பத்து, பதினைந்து நிமிடம் கிடைக்கும். என் சோப் நோட் ஒன்றரைப் பக்கம் போய்விடுகிறது. சுருக்கினால் "மானிட்டரிங் பிளான் எங்கே?" என்று சீனியர் கேட்கிறார். இரண்டையும் எப்படிச் சேர்த்து எழுதுவது? ஒரு சுகர் கேஸை வைத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்:

நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன்பு போன தடவை எழுதிய பி பகுதியைத் திறந்து படியுங்கள். அதில் எதையெல்லாம் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறதோ அவைதான் இன்றைக்கு நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றுக்கு நோயாளி சொல்லும் பதில் எஸ், அளவுகளும் லேப் ரிப்போர்ட்டும் சொல்லும் பதில் ஓ, இரண்டையும் சேர்த்து நீங்கள் எடுக்கும் முடிவு ஏ, அடுத்த தடவைக்கான கேள்விகள் பி. நோட் நீளமாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம், முதல் வருகையில் கேட்ட அத்தனையையும் ஒவ்வொரு முறையும் திரும்பக் கேட்பதுதான். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன சாப்பிட்டார் என்ற முழுப் பட்டியல் ஃபாலோ-அப்பில் எப்போதும் தேவைப்படாது. போன முறை மாலைப் பலகாரத்தையும் இரவுச் சாப்பாட்டையும் மாற்றச் சொல்லியிருந்தால், அந்த இரண்டு வேளையை நன்றாகத் தோண்டிக் கேளுங்கள், மற்ற வேளைகளுக்கு "வேற ஏதாவது மாறியிருக்கா?" என்ற ஒரு கேள்வி போதும். ஆனால் அந்த ஒரு கேள்வியை விட்டுவிடாதீர்கள், ஏன் என்று கீழே வரும் கேஸில் தெரியும்.

கண்காணிப்பு ஏன் காணாமல் போகிறது என்பதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. சோப் என்பது டாக்டர்களுக்காக 1960-களில் லாரன்ஸ் வீட் கொண்டுவந்த முறையிலிருந்து வந்தது. நம் துறையின் ஊட்டச்சத்துப் பராமரிப்பு முறையில் மதிப்பீடு, கண்டறிதல், தலையீடு, அப்புறம் கண்காணிப்பும் மதிப்பிடலும் என்று நான்கு படிகள் உண்டு, அதை அப்படியே பின்பற்றி எழுதும் அடைம் நோட்டில் கண்காணிப்புக்கென்று தனி எழுத்தே இருக்கிறது. சோப்பில் அது இல்லை, பி-க்குள் ஒண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் பி-யில் "1400 கலோரி டயட், நார்ச்சத்து அதிகம், நடைப்பயிற்சி" என்று செய்யச் சொன்னதை எழுதியதும் வேலை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது, கடைசியில் "ஒரு மாதம் கழித்து வரவும்" என்று முடித்துவிடுகிறோம். ஒரு மாதம் கழித்து வந்தால் எதைப் பார்ப்பது, எவ்வளவு இருந்தால் சரி, இல்லாவிட்டால் என்ன செய்வது, ஒன்றுமே அதில் இல்லை. எனவே பி-யை வெளிப்படையாகவே இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: "செய்வது", "பார்ப்பது". கம்ப்யூட்டரில் எழுதினாலும் சரி, ஓபி சீட்டில் எழுதினாலும் சரி, இந்த இரண்டு தலைப்பும் இருந்தால் இரண்டாவது காலியாக இருப்பது உங்கள் கண்ணிலேயே பட்டுவிடும்.

இப்போது கேஸ். உதாரணத்துக்காக நான் அமைத்தது, ஆனால் எந்த ஓபி-யிலும் வாரத்துக்கு நான்கைந்து பார்க்கக்கூடியது. 52 வயது அம்மா, தையல் கடையில் வேலை, டைப் 2 சுகர். காலை, இரவு மெட்ஃபார்மின் 500 மி.கி., காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி. முதல் வருகையில் உயரம் 154 செ.மீ., எடை 71.4 கிலோ, ஹெச்பிஏ1சி 8.6. டீயில் நாளுக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, மாலையில் பிஸ்கட், இரவு 5 இட்லி. சர்க்கரையைக் குறைக்கவும், பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் சாப்பிடவும், இட்லியை 3 ஆக்கிக் காய் நிறையப் போட்ட சாம்பார் சேர்க்கவும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். ஆறு வாரம் கழித்து இரண்டாவது வருகை.

பேசும்போது அவர் சொல்வது இது: "டீல சர்க்கரைய நிறுத்திட்டேன் மேடம், காலைல மட்டும் ஒரு ஸ்பூன். ராத்திரி மூணு இட்லிதான், மகள் வீட்டுக்கு வர்ற சனி ஞாயிறு மட்டும் கூடப் போயிடுது. சுண்டல்லாம் முடியல, அஞ்சு மணிக்குக் கடையில பசிக்கும், டீயோட பிஸ்கட்தான் வரும்." இத்தோடு நிறுத்தியிருந்தால் நோட் நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் வேறு ஏதாவது மாறியிருக்கா என்று கேட்டதும் வருகிறது: "இந்த மாசம் வெள்ளிக்கிழமை விரதம் ஆரம்பிச்சேன், காலைல சாப்பிட மாட்டேன், மாத்திரைய மட்டும் தவறாம போட்டுக்கறேன். ரெண்டு தடவ பதினோரு மணிக்கு கை நடுங்கி வேர்த்துப் போச்சு." சாப்பிடாமல் கிளிமிபிரைடு போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கும், ஏனென்றால் அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று பார்த்து அது வேலை செய்வதில்லை. இந்த ஒரு வரிதான் இன்றைய நோட்டின் தலையாய விஷயம், பிஸ்கட் அதற்கு அப்புறம்தான்.

நோட் இப்படி இருக்கும். உங்கள் ஆஸ்பத்திரியில் எந்த மொழியில் எழுதுகிறீர்களோ அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

எஸ்: டீயில் சர்க்கரை 6 டீஸ்பூனிலிருந்து 1. இரவு 3 இட்லி, வாரம் 5 நாள். மாலை 5 மணிக்குக் கடையில் பசி, தினமும் 6 மேரி பிஸ்கட். மதியம் 1 மணிக்குப் பின் வேறு உணவில்லை. சுண்டல் செய்ய நேரமில்லை. புதிது: வெள்ளி விரதம், காலை உணவின்றி கிளிமிபிரைடு எடுக்கிறார். இந்த மாதம் 2 முறை காலை 11 மணிக்கு நடுக்கம், வியர்வை, சாப்பிட்டதும் சரியானது, அப்போது சுகர் பார்க்கவில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் உண்டு.

ஓ: எடை 70.1 கிலோ (71.4, அதே மெஷின்), பிஎம்ஐ 29.6. லேப்: வெறும் வயிறு 138 (162), சாப்பிட்டு 2 மணி நேரம் 196 (248), வீட்டிலிருந்து கொண்டுவந்த 3 இட்லிக்குப் பின். ஹெச்பிஏ1சி 8.6, 6 வாரம் முன்பு, இன்று எடுக்கவில்லை. மருந்தில் மாற்றமில்லை.

ஏ: 1) விரத நாளில் லோ சுகரை ஒத்த அறிகுறிகள், உணவின்றி கிளிமிபிரைடு எடுப்பதோடு தொடர்புடையது, புதிது, இன்றே டாக்டர் பார்க்க வேண்டும். 2) மாலையில் மாவுச்சத்து அதிகம், மதியத்துக்குப் பின் நீண்ட இடைவெளியாலும் கடையில் வேறு உணவு கிடைக்காததாலும், மாறவில்லை. 3) டீ சர்க்கரை: இலக்கை எட்டியது, முடிக்கலாம்.

பி, செய்வது: டாக்டரிடம் சொல்லி அதே ஓபி-யில் திருப்பி அனுப்பினேன், விரத நாள் மாத்திரை பற்றி அவர் முடிவு மருந்துச் சீட்டில். விரதத்தில் பால், பழம் சாப்பிடலாம் என்கிறார்: காலை 8 மணிக்கு 1 டம்ளர் பால், 1 வாழைப்பழம், டாக்டரிடமும் தெரிவித்தேன். நடுக்கம் வந்தால் சுகர் பார்க்க, 70-க்குக் கீழ் இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க. மீட்டர் கையில் இல்லாவிட்டால் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீர். திருப்பிச் சொல்லச் சொல்லி உறுதி செய்தேன். மாலைக்கு வறுத்த கொண்டைக்கடலை 1 கைப்பிடி, காலையிலேயே டப்பாவில்.

பி, பார்ப்பது: 1) வெள்ளி காலை 11 மணி சுகர், அடுத்த 2 வெள்ளி, வீட்டு மீட்டர்; 70-க்குக் கீழ் அல்லது நடுக்கம் என்றால் அன்றே டாக்டர்; இரண்டாவது சனிக்கிழமை நான் போனில் கேட்பேன். 2) பிஸ்கட் நாட்கள்: வாரம் 7, இலக்கு 2-க்குள், 6 வாரத்தில், எட்டாவிட்டால் மதிய உணவின் நேரத்தையும் அளவையும் மாற்றுவது. 3) ஹெச்பிஏ1சி 8.6, டாக்டரின் இலக்கு 7-க்குக் கீழ்; 6 வாரம் கழித்து வருகைக்கு 2 நாள் முன் லேப்; 8-க்கு மேல் என்றால் மருந்து பற்றி டாக்டரிடம்.

அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கும், பழகினால் ஏழெட்டு நிமிடத்தில் எழுதிவிடலாம்.

இதில் நான் எதை எப்படி முடிவு செய்தேன் என்று சொல்கிறேன். ஏ பகுதியில்தான் பலருக்கும் சிக்கல். "எடை 70.1, வெறும் வயிறு 138, நன்றாகக் குறைந்துள்ளது" என்று ஓ-வில் இருப்பதையே மறுபடி எழுதிவிட்டு அதை மதிப்பீடு என்று நினைத்துக்கொள்கிறோம். ஏ-யில் மூன்றே மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: போன முறை எழுதிய பிரச்சினை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா. அந்த "ஏன்" சரியாக இருந்தால்தான் பி சரியாக வரும். பிஸ்கட் விஷயத்தில் "சொன்னதைப் பின்பற்றவில்லை" என்று எழுதியிருந்தால் அடுத்த பி "மறுபடி வலியுறுத்தினேன்" என்றுதான் வந்திருக்கும், அது ஒன்றுக்கும் உதவாது, அந்த அம்மாவைக் குற்றவாளியாக்கும் ஒரு வரி ஃபைலில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். நாலு மணி நேரம் வயிறு காலி, கையில் கிடைப்பது பிஸ்கட் மட்டும் என்று எழுதியதால்தான் சுண்டலைக் கைவிட்டு டப்பாவில் கடலை என்ற யோசனைக்கே வர முடிந்தது.

இன்னொன்று, "லோ சுகர்" என்று நேராக எழுதாமல் "லோ சுகரை ஒத்த அறிகுறிகள்" என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மீட்டரில் எண் இல்லை. அறிகுறியை உள்ளது உள்ளபடி எழுதுவது நம் வேலை, பெயர் வைப்பதும் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. ஆனால் டாக்டரிடம் எப்போது, எப்படிச் சொன்னீர்கள் என்பது நோட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். "டாக்டரைப் பார்க்க அறிவுறுத்தினேன்" என்று எழுதிவிட்டு நோயாளியிடம் மட்டும் சொல்லி அனுப்பினால், அவர் பஸ் வந்துவிட்டதென்று நேரே வீட்டுக்குப் போயிருப்பார்.

பார்ப்பது பகுதிக்கு வருவோம். ஒவ்வொரு வரியிலும் என்ன, இப்போது எவ்வளவு, எவ்வளவு ஆக வேண்டும், எப்போது யார் பார்ப்பது, ஆகாவிட்டால் என்ன, இந்த ஐந்தும் இருக்க வேண்டும். கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அடுத்த வருகையில் எண் மாறாமல் இருக்கும்போது "தொடரவும்" என்று மறுபடி எழுத வேண்டியதுதான், இப்படியே ஒரு வருடம் "தொடரவும்" என்று போன ஃபைல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வரிகள் மூன்றுக்கு மேல் போக வேண்டாம். ஒன்று பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, ஒன்று சாப்பாட்டுப் பழக்கம், ஒன்று லேப் அல்லது உடல் அளவு. எடையை நான் வரிசையில் சேர்க்கவே இல்லை, ஏனென்றால் நர்ஸ் எப்படியும் ஒவ்வொரு வருகையிலும் எடுத்துவிடுவார், ஓ-வில் தானாக வந்துவிடும். எட்டு விஷயத்தைக் கண்காணிப்பதாக எழுதினால் பதினைந்து நிமிடத்தில் எட்டையும் யாரும் பார்க்கப் போவதில்லை.

எந்த எண்ணை எவ்வளவு நாளில் பார்ப்பது என்பதிலும் தவறு நடக்கும். ஹெச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, ஆறு வாரத்தில் எடுத்தால் பழைய வாரங்களின் நிழலும் அதில் இருக்கும், அவருக்கும் வீண் செலவு. அதனால்தான் இன்று எடுக்கவில்லை என்பதையே ஓ-வில் எழுதி, அடுத்ததற்குத் தேதி போட்டேன். ரத்தசோகை உள்ளவருக்கு இன்னும் கவனம் வேண்டும். இரும்புச்சத்துக் குறைவில் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம், அயன் மாத்திரை ஆரம்பித்தபின் அது இறங்கும்போது நம் டயட்டால்தான் இறங்கியது என்று நினைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் வெறும் வயிற்று அளவையும் சாப்பிட்ட பின் அளவையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதே மாதிரி எண் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். வீட்டு மீட்டருக்கான சர்வதேசத் தரமே, 100-ம் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின் காட்டுவதை ஏற்றுக்கொள்கிறது. லேபில் 138, போன வாரம் வீட்டில் 150 என்றால் கூடிவிட்டதாகவும் சொல்ல முடியாது, குறைந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. எடையும் அப்படித்தான், ஒரு கிலோ வித்தியாசம் வேறு மெஷினாலோ சாப்பிட்டுவிட்டு வந்ததாலோ வந்துவிடும். சாப்பிட்ட பின் எடுக்கும் சுகரில் இதைவிடப் பெரிய கோளாறு உண்டு. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு நோயாளி நேரே கேன்டீனுக்குப் போய்ப் பூரியும் காபியும் சாப்பிட்டிருப்பார், 260 என்று வரும், நாம் வீட்டுச் சாப்பாட்டைத் திருத்திக்கொண்டிருப்போம். என்ன சாப்பிட்டபின் எடுத்தது என்று நாலு சொல் சேர்த்தால் இந்தக் குழப்பம் வராது.

கம்ப்யூட்டரில் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: போன நோட்டை அப்படியே நகலெடுத்துத் திருத்துவது வேகமாகத் தெரியும், ஆனால் பழைய எடை, நிறுத்திய மருந்து, இல்லாத புகார் எல்லாம் கூடவே வந்துவிடும். நகலெடுக்க வேண்டியது பார்ப்பது பகுதியின் மூன்று வரிகளை மட்டும், அதையும் புது நோட்டின் மேலே ஒட்டி, பதிலை நிரப்பியபின் அழித்துவிடுங்கள்.

மூன்றாவது வருகையை நினைத்துப் பாருங்கள். நீங்கள் லீவு, வேறொருவர் பார்க்கிறார். போன் குறிப்பில் வெள்ளி 11 மணி சுகர் 92, 104, நடுக்கம் இல்லை. பிஸ்கட் வாரம் 3 நாள். ஹெச்பிஏ1சி 7.8. அவர் எழுத வேண்டிய ஏ: "விரத நாள் பிரச்சினை தீர்ந்தது, விரதம் தொடரும்வரை ஒவ்வொரு வருகையிலும் கேட்க வேண்டும். பிஸ்கட் குறைந்தது, இலக்கை எட்டவில்லை. மீதி 3 நாள் கடலை தீர்ந்துபோகும் வாரக்கடைசி. ஹெச்பிஏ1சி இறங்குகிறது, 8-க்கு மேல் இல்லை, இலக்கு பாக்கி." நோட் முந்தையதில் பாதிதான் வரும், அந்த அம்மாவும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நோட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதையே செய்யுங்கள்: பக்கத்து டேபிளில் இருப்பவரிடம் பார்ப்பது பகுதியை மட்டும் காட்டி, அடுத்த தடவை என்ன கேட்பீர்கள் என்று கேளுங்கள். அவர் எஸ், ஓ-வைப் புரட்ட ஆரம்பித்தால் ஏதோ ஒரு வரியில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது.

எல்லோருக்கும் இந்தச் சுருக்கம் பொருந்தாது. கர்ப்பகாலச் சுகர், பொட்டாசியம் ஏறியிறங்கும் கிட்னி நோயாளி, காரணம் தெரியாமல் எடை குறைந்துகொண்டே போகிறவர், புதிதாக இன்சுலின் ஆரம்பித்தவர், இவர்களுக்கு முழு உணவுக் கணக்கும் இடைவெளி குறைந்த கண்காணிப்பும் வேண்டும், அங்கே ஒரு பக்கத்தைத் தாண்டினால் தாண்டட்டும். சீனியர் கேட்டால் எந்தக் காரணத்தால் நீண்டது என்று ஏ-யின் முதல் வரியிலேயே எழுதிவைத்துவிடுங்கள்.